மூன்றா, ஐந்தா? தையல் கடைக்கு ஒரு ரசீது புத்தகம்

"அண்ணா, நானும் என் நாத்தனாரும் சேர்ந்து பிளவுஸ், சுடிதார் தைக்கிற கடை வைத்திருக்கிறோம். ஸ்டேஷனரி கடையில் விற்கிற பில் புக்கை வாங்கி கார்பன் வைத்து எழுதுகிறோம். போன மாதம் ஒரு அக்கா ரசீதைத் தொலைத்துவிட்டு வந்து, 500 ரூபாய் முன்பணம் கொடுத்தேன் என்றார். எங்கள் நகலில் இருப்பது 300-ஆ 500-ஆ என்றே தெரியவில்லை. போதாததற்கு அதே 23-ஆம் எண்ணில் வேறு ஒருவருக்குப் போட்ட ரசீதும் இருக்கிறது. இனி சொந்தமாக அச்சடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ரசீது போடுவோம். அச்சகத்தில் என்ன சொல்லிக் கேட்பது? கார்பன் வைக்காமலே நகல் விழுகிற தாள் வாங்கலாமா?"

வணக்கம் தங்கச்சி. அச்சகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கடைப் பெயர் எவ்வளவு பெரிதாக வர வேண்டும், சாமி படம் எங்கே வர வேண்டும் என்றுதான் முதலில் பேசுவார்கள். அதெல்லாம் வாடிக்கையாளர் கையில் போகிற தாளைப் பற்றிய பேச்சு. தகராறு வரும்போது அந்தத் தாள் பெரும்பாலும் உங்கள் முன்னால் இருக்காது, உங்களிடம் மிஞ்சுவது நகல்தான். அதனால் நகலில் ஆரம்பியுங்கள். பதினைந்து நாள் கழித்து, கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில், உங்கள் நாத்தனார் மட்டும் இருக்கும்போது அந்த நகலை எடுத்துப் பார்த்தால் ஒரே பார்வையில் என்னென்ன தெரிய வேண்டுமோ, அதை வைத்துத்தான் புத்தகத்தின் அளவு, தாள், கோடு எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் 3, 5 குழப்பம் ஏன் வந்தது என்று பார்ப்போம். எண் 5-இன் மேல் கோட்டைப் பலர் கடைசியில் தனியாக, லேசாக இழுப்பார்கள். அசல் தாளில் மை இருப்பதால் அது தெரியும், நகலில் அழுத்தம் போதாமல் அது விழாது. மேல் கோடு விழாத 5-க்கும் அவசரமாக எழுதிய 3-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒரே கார்பனை நாள் கணக்கில் அதே நிலையில் வைத்து எழுதினால், தினமும் அழுத்தம் விழுகிற இடம் முதலில் தேயும். பில்லில் அந்த இடம் எது? தொகைக் கட்டம்தான். பெயரும் முகவரியும் பளிச்சென்று இருக்கும், காசு மட்டும் மங்கியிருக்கும். உங்களிடம் இருக்கும் பழைய கார்பனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், தொகை எழுதும் பக்கம் வெளிறிப்போய் வெளிச்சம் ஊடுருவும். வாரம் ஒரு முறை கார்பனை மைப் பக்கம் மாறாமல் மேல் ஓரம் கீழே வரும்படி திருப்பி வைத்தால் இந்தத் தேய்மானம் பரவலாகும், அதையும் தாண்டி வெளிறினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வையுங்கள். கடையில் வாங்கும்போது 'பென்சில் கார்பன்' என்று கேட்டு வாங்குங்கள், அது கையால் எழுதுவதற்கானது. டைப்ரைட்டர் கார்பன் வேறு. பேனா சாதாரண பால் பாயின்ட் பேனாவாக இருக்கட்டும். ஜெல் பேனா அழுத்தாமலே எழுதும், அதனால் அசல் அழகாகவும் நகல் வெறுமையாகவும் இருக்கும்.

தாள் விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். ஒரு கடைக்காரர் அசல் தாள் நல்ல கனமாக இருக்கட்டும், பார்க்க மதிப்பாக இருக்கும் என்றார், நானும் மறுப்பு சொல்லாமல் 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 80 கிராம் எடையுள்ள தாளில் அடித்துக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது வாரமே புத்தகத்தோடு வந்து நின்றார். நகலில் எழுத்தெல்லாம் பரவி, நிழல் மாதிரி இருந்தது. மேல் தாள் கனமாக இருந்தால் பேனாவின் முனை அழுத்தம் அதிலேயே பரவிவிடும், கீழே போய்ச் சேருவது அகலமான மங்கல் கோடுதான். அதன் பிறகு கார்பன் புத்தகம் என்றால் அசலுக்கு 60 ஜிஎஸ்எம் அளவில் மேப்லித்தோ என்கிற வெள்ளை எழுதுதாளைத் தாண்டுவதில்லை. நகலுக்கு அதைவிடக் கொஞ்சம் மெலிதாக, மஞ்சளோ இளஞ்சிவப்போ வெளிர் நிறத் தாள் போடச் சொல்லுங்கள். அசல் எது, நகல் எது என்று தூரத்திலிருந்தே தெரியத்தான் இந்த நிறம், ஆனால் அடர்ந்த பச்சை, நீலம் வேண்டாம், கார்பனின் நீல எழுத்து அதில் மூழ்கிவிடும். புத்தகத்தோடு ஒரு தடித்த அட்டையும் தரச் சொல்லுங்கள். எழுதும்போது அது நகலுக்கு அடியில் இருக்க வேண்டும். புதுப் புத்தகத்தில் அடியில் நூறு தாள் மெத்தை மாதிரி இருக்கும், அதன் மேல் நேராக எழுதினால் நகல் சரியாக விழாது.

கார்பன் வைக்காமலே நகல் விழும் தாள் கேட்டிருந்தீர்கள். அதில் மேல் தாளின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மைக் குமிழ்கள் பூசியிருக்கும், அழுத்தினால் அவை உடைந்து கீழ்த் தாளின் மேல்பூச்சோடு சேர்ந்து நிறம் கொடுக்கும். நல்ல தாள்தான், கை கறுப்பாகாது. ஆனால் அழுத்தம் எதுவாக இருந்தாலும் அதற்குத் தெரியாது. தையல் கடை மேசையில் கத்தரிக்கோல் விழும், துணிக்கட்டு விழும், ஒருவர் முழங்கையை ஊன்றுவார், அத்தனையும் நகலில் கறையாக வரும். அட்டை வைக்க மறந்தால் அடுத்த ரசீதிலும் இந்த ரசீதின் எழுத்து விழுந்துவிடும். விலையும் கூடுதல். உங்களுக்கு நான் அதைச் சொல்லாததற்கு முக்கியக் காரணம் வேறு: கீழே சொல்லப்போகிற துண்டுச்சீட்டு ஏற்பாட்டில், ரசீதின் ஒரு பகுதியில் எழுதுவது நகலில் விழவே கூடாது. தனிக் கார்பனில் அது சுலபம், இந்தத் தாளில் அவ்வளவு சுலபமில்லை.

சரி, இனி அளவு. உங்கள் வேலைக்கு 1/8 டெம்மி போதும், ஏறத்தாழ ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், அதாவது 140 மில்லிமீட்டர் அகலம், 215 உயரம். நீளவாட்டில் நிற்கட்டும், கட்டு மேல் பக்கம் வரட்டும். இடது பக்கம் கட்டினால் புத்தகம் பாதி தீர்ந்த பிறகு இடது ஓரம் தூக்கிக்கொண்டு எழுத வராது. இதற்கும் சின்ன அளவில் அடித்தால் தாள் மிச்சம்தான், ஆனால் ஐந்து உருப்படி எழுத இடம் பற்றாமல் இரண்டு ரசீதாகப் போட வேண்டி வரும், ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு எண், அது அடுத்த குழப்பம்.

அந்த 215 மில்லிமீட்டரை நான் உங்களுக்காகப் பிரித்துப் பார்த்தேன். மேலே 18 கட்டுக்கும் கிழிக்கும் ஓட்டை வரிசைக்கும் போய்விடும். கடைப் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் 25-க்குள் அடங்கட்டும். ரசீது எண்ணும் தேதியும் ஒரு வரியில், 10. வாடிக்கையாளர் பெயருக்கு ஒரு வரி, போனுக்கு ஒரு வரி, வரிக்கு 9 வீதம் 18. பட்டியலின் தலைப்புக் கட்டம் 7. உருப்படி எழுத ஐந்து வரி, 45. மொத்தம், முன்பணம், மீதி மூன்றுக்கும் 27. முன்பணத்தை எழுத்தால் எழுத ஒரு வரி, 10. தர வேண்டிய தேதிக்கும் கையொப்பத்துக்கும் சேர்த்து 20. "துணி வாங்க வரும்போது ரசீதைக் கொண்டு வரவும்" என்ற ஒரே ஒரு குறிப்புக்கு 10. மிச்சம் அடியில் 25 இருக்கிறது பாருங்கள், அதுதான் துண்டுச்சீட்டு. கூட்டிப் பார்த்தால் 215 வந்துவிடும்.

வரிக்கு 9 மில்லிமீட்டரைக் குறைக்க விடாதீர்கள். டிசைன் செய்கிறவர் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது 6 மில்லிமீட்டர் கட்டம் அடக்கமாகத் தெரியும், நீங்கள் நின்றுகொண்டு, ஒரு கையில் துணியைப் பிடித்துக்கொண்டு எழுதும்போது எழுத்து கோட்டில் ஏறும். அசலில் ஏறினால் கூடப் படித்துவிடலாம், நகலில் அச்சுக் கோடும் கார்பன் எழுத்தும் ஒன்றாகி 1-ம் 7-ம் தெரியாது. கோடுகள் மெலிதாக, வெளிர் சாம்பலில் இருந்தால் இன்னும் நல்லது. அகலத்தில் இரண்டு பக்கமும் 8 விட்டால் 124 கிடைக்கும். விவரத்துக்கு 62, எண்ணிக்கைக்கு 14, ஒன்றுக்குக் கூலி 22, தொகைக்கு 26 என்று பிரிக்கலாம். வரிசை எண் கட்டம் வேண்டாம், இருப்பது ஐந்து வரிதான். பைசா கட்டம் வேண்டவே வேண்டாம். ரெடிமேட் பில் புக்கில் அந்தக் கட்டம் இருப்பதால்தான் சிலர் ரூபாயைக் கோட்டின் மேலேயே எழுதி, 50 ரூபாயா 50 பைசாவா என்று ஆகிவிடுகிறது.

முன்பணத்தை எழுத்தால் எழுதுகிற வரி உங்களுக்குக் கட்டாயம் தேவை. மூன்று லைனிங் பிளவுஸ், ஒன்றுக்கு 350 என்றால் 1,050. ஒரு சுடிதார் 450. மொத்தம் 1,500, முன்பணம் 500, மீதி 1,000. இதில் முன்பண எண் மங்கினாலும் மீதி 1,000 என்று இருப்பதால் கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம். அதுவும் மங்கினால் 'ஐநூறு' என்ற எழுத்து காப்பாற்றும், 'முன்னூறு' என்ற சொல்லோடு அது எந்த மங்கலிலும் குழம்பாது. மூன்று இடமும் நிரப்பாமல் ரசீதைக் கிழிப்பதில்லை என்று இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். 'மீதி' கட்டத்தை வெறுமையாக விடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு, அது வாடிக்கையாளருக்காக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது அடியில் இருக்கிற 25 மில்லிமீட்டர். தையல் கடையில் துணிக்கும் ரசீதுக்கும் உறவு அறுந்துவிட்டால் ரசீது எவ்வளவு தெளிவாக இருந்தும் பிரயோஜனமில்லை. பலரும் துணியில் ஒரு ஓரத்தை வெட்டி நகலில் ஸ்டேபிள் அடிப்பார்கள். ஒன்றிரண்டு என்றால் சரி, முப்பது ரசீது ஆனதும் புத்தகம் ஒரு பக்கம் உப்பிக்கொள்ளும், மட்டமில்லாத அந்த இடத்தில் எழுதினால் நகல் பாதி விழும் பாதி விழாது. அதனால் அசலின் அடியில் ஒரு துண்டுச்சீட்டு. அதில் அதே ரசீது எண் அச்சாகியிருக்கும், தர வேண்டிய தேதிக்கும் உருப்படி எண்ணிக்கைக்கும் இரண்டு கட்டம் இருக்கும். ரசீது போட்டதும் அதைக் கிழித்துத் துணிக்கட்டில் ஊசி குத்திவிட வேண்டும். அளவு நோட்டிலும் அதே எண்ணை எழுதுங்கள். மார்பளவு, இடுப்பளவு எல்லாம் ரசீதில் வர வேண்டாம், அது வாடிக்கையாளர் கையில் எங்கெங்கோ போகிற தாள்.

அசலில் துண்டுச்சீட்டு இருக்கும் அதே இடம் நகலில் காலியாக இருக்கும் அல்லவா, அங்கே வேறு மூன்று கட்டம் அச்சடிக்கலாம்: ஒப்படைத்த தேதி, பெற்றுக்கொண்ட மீதி, வாங்கியவர் கையொப்பம். துணியைக் கொடுக்கும் நாளில் நகலைத் திறந்து இதை நேராகப் பேனாவால் நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிட்டால், ரசீதைத் தொலைத்தவர் வந்தாலும் பயமில்லை. போன் நம்பரைக் கேட்டு நகலோடு ஒத்துப்பாருங்கள், கையெழுத்து வாங்குங்கள், கொடுத்துவிடுங்கள். முதல் நாள் துண்டுச்சீட்டில் எழுதுவது இந்தக் கட்டங்களில் போய் விழாமல் இருக்க, கார்பனை 25 மில்லிமீட்டர் குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டை வரிசையிலிருந்து துண்டுச்சீட்டு வரை 172 மில்லிமீட்டர் உயரம், அகலம் முழு 140. ஃபுல்ஸ்கேப் கார்பன் ஒன்றில் இரண்டு துண்டு வரும். எழுதும் முன் கார்பனைக் கட்டு வரைக்கும் மேலே தள்ளிவிடுங்கள், அது கீழே நழுவினால்தான் பிரச்சினை. நகலை ஒரு முறை புரட்டும்போதே தெரிந்துவிடும், கையொப்பக் கட்டத்தில் நீல எழுத்து இருந்தால் கார்பன் நழுவியிருக்கிறது.

அசலும் நகலும் இப்படி வேறு வேறாக இருப்பதால் அச்சகத்தில் இரண்டு பிளேட் போட வேண்டும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்கலாம். ஆனால் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கோட்டின் மேல் கோடு நிற்க வேண்டும். அச்சடிக்கும்போது எந்த மூலையை அளவுக்கு வைத்தார்களோ அதே மூலையைத் தட்டிச் சேர்த்து வெட்டினால்தான் இது நிற்கும். மூன்று மில்லிமீட்டர் விலகினாலே முன்பணம் நகலில் மீதி வரியை ஒட்டிப் போய்விடும்.

ஓட்டை வரிசையைப் பற்றி அச்சகத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: அசலுக்கு மட்டும். மேலே ஒன்று, துண்டுச்சீட்டுக்கு ஒன்று, இரண்டும் அசலில்தான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அசலையும் நகலையும் சேர்த்து வைத்தே ஓட்டை போட்டுவிடுகிற இடங்கள் இருக்கின்றன. அப்படிச் செய்தால் அசலைக் கிழிக்கும்போது நகலும் பாதி கூடவே வரும், வராவிட்டாலும் நாலு தடவை புரட்டியதும் கழன்றுவிடும். கழன்ற நகல் நகலே இல்லை. அசல்களுக்குத் தனியாக ஓட்டை போட்டுவிட்டு, பிறகு நகலோடு அடுக்கி, மேல் ஓரத்திலிருந்து 8 மில்லிமீட்டரில் பின் அடித்து, முதுகில் காலிகோ துணி ஒட்டச் சொல்லுங்கள். ஒரு புத்தகத்துக்கு 50 அசல், 50 நகல். நூறு செட் கேட்காதீர்கள், முதல் இருபது ரசீது எழுதும்போது புத்தகம் மேசையில் மேடு மாதிரி நிற்கும்.

எண் போடுவதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உங்களுக்கு 23 இரண்டு முறை வந்தது, ஒவ்வொரு புத்தகமும் 1-லிருந்து தொடங்குவதால். புத்தகத்துக்குப் புத்தகம் தொடர்ச்சியாக எண் ஓட வேண்டும். பழைய ரசீதுகளோடு மோதாமல் இருக்க 1001-லிருந்து தொடங்குங்கள். முதல் புத்தகம் 1001 முதல் 1050, அடுத்தது 1051 முதல் 1100. நாளைக்குப் பன்னிரண்டு, மாதம் 26 நாள் என்றால் 312 ரசீது, அதனால் இருபது புத்தகம், ஆயிரம் ரசீது, மூன்று மாதத்துக்கு மேல் வரும். முதல் முறை அதற்கு மேல் அடிக்காதீர்கள், எழுதிப் பார்த்த பிறகுதான் எந்தக் கட்டம் பெரிதாக வேண்டும் என்று தெரியும். அட்டையில் புத்தக எண்ணும் 'எண் முதல், எண் வரை' என்பதும் அச்சாகட்டும். ரசீதில் ஆண்டை அச்சடிக்க வேண்டாம், மார்ச் 31-க்குப் பிறகு மிச்சப் புத்தகமெல்லாம் வீணாகிவிடும். நிற்காமல் ஓடுகிற எண் எந்த ஆண்டிலும் திரும்ப வராது, அது போதும்.

இரண்டு பேரும் தனித்தனி மேசையில் ரசீது போடுவதாக இருந்தால் ஒரே வரிசையின் இரண்டு புத்தகத்தை ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். அன்றைய ரசீது 1012-லும் இருக்கும், 1067-லும் இருக்கும், இடையில் எதுவும் விடுபட்டதா என்று பார்க்கவே முடியாது. அ-1001, ஆ-1001 என்று முன்னெழுத்து போட்டு இரண்டு வரிசையாக அடித்துக்கொள்ளுங்கள்.

தொடர் எண்ணால் கிடைக்கும் பலன் சாயங்காலம் தெரியும். கடை சாத்தும்போது ஒரு நோட்டில் இன்றைய முதல் எண், கடைசி எண், முன்பணக் கூட்டல் மூன்றையும் எழுதுங்கள். 1412 முதல் 1423 என்றால் பன்னிரண்டு ரசீது, பதினொன்று இல்லை, இரண்டு முனையும் சேரும். பன்னிரண்டு நகலையும் கூட்டினால் வருவது கல்லாவில் இருக்கும் முன்பணத்தோடு ஒத்துப்போக வேண்டும். தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். கார்பன் உள்ளே இருக்கும்போதே குறுக்கே 'ரத்து' என்று எழுதி, அசலையும் நகலையும் சேர்த்துப் பின் அடித்துப் புத்தகத்திலேயே விட்டுவிடுங்கள், துண்டுச்சீட்டையும் கிழிக்க வேண்டாம். ரத்து என்று எழுதிய நகல் மட்டும் இருந்து அசல் இல்லை என்றால், அந்த அசல் யாரோ ஒருவர் கையில் செல்லுபடியாகும் ரசீதாக இருக்கிறது என்று அர்த்தம். வேலைக்கு ஆள் வைத்த பிறகு இதைக் கட்டாயம் பாருங்கள். இன்னொன்று, நகலில் தொகை மட்டும் கார்பன் நீலமாக இல்லாமல் பேனா மையாக இருந்தால், அது பிறகு எழுதப்பட்டது.

வரி விஷயத்தை ஆடிட்டர் சொல்ல வேண்டும், நான் அச்சடிக்கிறவன், ஆனால் புத்தகத்தைத் தொடுகிற அளவுக்குச் சொல்கிறேன். தையல் கூலி சேவையில் வரும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து நீங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுக்காதவரை வரி வாங்கக் கூடாது, அதனால் ரசீதில் வரிக் கட்டமே வர வேண்டாம். சும்மா இருக்கட்டும் என்று சிலர் போடச் சொல்வார்கள், நான் போட மாட்டேன். பதிவு எடுத்தால் பில்லின் அமைப்பே மாறும், அப்போது வேறு புத்தகம்தான். கல்யாண பிளவுஸ் வேலையில் 5,000 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கி ரசீது கொடுத்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். கையொப்பத்துக்கு 20 மில்லிமீட்டர் உயரம் விட்டதில் அதுவும் ஒரு கணக்கு.

அச்சுக்கு அனுப்பும் முன் ப்ரூஃப் காட்டுவார்கள். அதைப் போனில் பார்த்து 'ஓகே' சொல்லிவிடாதீர்கள். அடிக்கப்போகிற அதே அசல் தாளிலும் நகல் தாளிலும் ஒன்று ஒன்று எடுத்துத் தரச் சொல்லி, கடை மேசையில் வைத்து, நின்றுகொண்டே, நீங்கள் ஒரு தடவையும் நாத்தனார் ஒரு தடவையும் வழக்கமான வேகத்தில் நிரப்புங்கள். தொகைக் கட்டங்களில் 300, 500, 800, 170 என்று எழுதி, நகலை வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்குகிற கட்டம்தான் பெரிதாக வேண்டிய கட்டம்.

புத்தகம் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முன் எண்களைப் பாருங்கள். எங்கள் அச்சகத்திலேயே நடந்தது இது. நம்பரிங் மிஷினில் 0199 வரை சரியாக ஓடி, அடுத்ததில் நூறுக்கான சக்கரம் மட்டும் சுழலாமல் 0200-க்குப் பதில் 0100 விழுந்துவிட்டது. நாலாவது புத்தகத்தின் கடைசித் தாளில் 0100, ஐந்தாவது புத்தகம் முழுக்க 0101 முதல் 0150. ஓட்டுகிறவர் ஒன்றாம் இடம் மாறுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நாங்களும் ஒவ்வொரு கட்டிலும் முதல் தாளை மட்டும் பார்த்து, 0101 என்றதும் ஏதோ மூன்றாவது புத்தகம் என்று எடுத்து வைத்துவிட்டோம். வாங்கிப் போனவர்தான் இரண்டு மூன்றாவது புத்தகம் இருக்கிறதே என்று கண்டுபிடித்தார். எங்கள் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தோம். சக்கரம் மாட்டுவது எப்போதும் 9-லிருந்து அடுத்த இடத்துக்கு ஏறும் நேரத்தில்தான். அதனால் ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் தாள், கடைசித் தாள், அப்புறம் 1009-க்கு அடுத்து 1010, 1099-க்கு அடுத்து 1100 வருகிற இடங்களைப் பாருங்கள். ஒவ்வொரு செட்டிலும் அசலின் மேல் எண், துண்டுச்சீட்டு எண், நகல் எண் மூன்றும் ஒன்றுதானா என்று புரட்டிப் பாருங்கள், இரண்டு பேர் உட்கார்ந்தால் இருபது புத்தகமும் அரை நாளில் முடிந்துவிடும். ஒரு செட்டில் எண் மாறியிருந்தாலும் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பேனாவால் திருத்தித் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.